பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்கள்: 6/π² என்ற விடைக்கு எந்த வழியில் போவது?

தற்செயலாக இரண்டு முழு எண்களை எடுத்தால், 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி அவற்றுக்கு இல்லாமலிருக்கும் நிகழ்தகவு 6/π². தசமத்தில் 0.6079. இந்த விடையைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்து ஒரு நிரூபணத்தைத் தேடிப் போகிறார்கள், அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் பகா எண்களிலிருந்து தொடங்குகிறார். இன்னொருவர் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார். மூன்றாமவர் ஒரு பக்கம் முழுக்கக் கூட்டல் குறிகளாக எழுதுகிறார். நான்காமவர் கணினியை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார். விடை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், எதைப் படித்துக்கொள்வது, எதை இன்னொருவருக்குச் சொல்வது என்று முடிவெடுக்க முடிவதில்லை. பை எப்படி உள்ளே வந்தது என்ற கேள்விக்கோ பெரும்பாலும் பதிலே கிடைப்பதில்லை.

நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

என் அளவுகோல்கள் நான்கு. முதலாவது, வழி எவ்வளவு முன்னறிவு கேட்கிறது. இரண்டாவது, எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க என்ன செலவாகும். மூன்றாவது, 1 முதல் 1000 வரை என்பதுபோல ஒரு வரம்புக்குள் உண்மையான எண்ணிக்கை எவ்வளவு என்று அது சொல்கிறதா. நான்காவது, கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் அந்த வழி கூட வருகிறதா.

பை எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நான்கில் எதுவுமே அதற்குப் பதில் சொல்வதில்லை. முதல் மூன்றும் நம்மை 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரின் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அதற்கு அப்புறம் தனியாக ஒரு தேர்வு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லா முழு எண்களிலிருந்தும் சம வாய்ப்போடு ஓர் எண்ணை எடுக்க முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே நிகழ்தகவு என்றால் அது பூச்சியமாகத்தான் இருக்க முடியும், பூச்சியங்களைக் கூட்டினால் 1 வராது. எனவே 6/π² என்பதன் பொருள் இது: 1 முதல் N வரையுள்ள எண்களில் இரண்டை எடுக்கிறோம், மொத்தம் N² ஜோடிகள். அவற்றில் பொதுக் காரணி இல்லாதவற்றின் பங்கைக் கணக்கிடுகிறோம். N வளர வளர அந்தப் பங்கு 6/π²-ஐ நெருங்குகிறது. இப்படி நெருங்கும் எல்லை ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண்களின் பங்கைப் பாருங்கள். 999 வரை எடுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு. 1999 வரை எடுத்தால் பாதிக்கும் மேல். 9999-இல் மறுபடியும் ஒன்பதில் ஒன்று. அது எங்கும் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வழியில் இது கடிக்கும்.

## வழி ஒன்று: பகா எண்களை ஒவ்வொன்றாகக் கழித்தல்

இரண்டு எண்களும் இரட்டையாக இருக்கும் வாய்ப்பு 1/2 × 1/2 = 1/4. அப்படி இல்லாமலிருக்கும் வாய்ப்பு 3/4. இரண்டும் 3-ஆல் வகுபடாமலிருக்கும் ஜோடி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்தே வகுபடக் கூடாது என்றுதான் கேட்கிறோம். அதற்கு 8/9. ஐந்துக்கு 24/25, ஏழுக்கு 48/49. பொதுக் காரணி இருந்தால் ஏதாவது ஒரு பகா எண்ணும் பொதுவாக இருந்தே தீரும் என்பதால், இவை எல்லாவற்றையும் பெருக்கினால் விடை:

(1 − 1/2²)(1 − 1/3²)(1 − 1/5²)(1 − 1/7²) …

பெருக்கிக்கொண்டே போனால் 0.75, 0.6667, 0.64, 0.6269, 0.6218, 0.6181 என்று இறங்குகிறது. பதின்மூன்று வரை வந்ததுமே விடைக்குப் பக்கத்தில் நிற்கிறோம். இதைத் தொடராக மாற்ற ஆய்லரின் உத்தி ஒன்று உதவுகிறது. ஒவ்வொரு காரணியையும் தலைகீழாக்கினால், எடுத்துக்காட்டாக 1/(1 − 1/4) என்பது 1 + 1/4 + 1/16 + … என்ற பெருக்குத் தொடர். எல்லாப் பகா எண்களின் தொடர்களையும் ஒன்றோடொன்று பெருக்கும்போது, ஒவ்வொரு முழு எண்ணின் வர்க்கமும் கீழே சரியாக ஒரு முறை வருகிறது. 12 வேண்டுமா? இரண்டின் தொடரிலிருந்து 1/16, மூன்றின் தொடரிலிருந்து 1/9, சேர்ந்து 1/144. ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதால் எதுவும் விடுபடுவதில்லை, எதுவும் இரண்டு முறை வருவதுமில்லை. ஆகவே நமது பெருக்கல், 1 + 1/4 + 1/9 + … என்ற தொடரின் தலைகீழ்.

ஏன் இப்படி என்பது கண்ணுக்குத் தெரிவதில் இந்த வழிக்கு ஈடில்லை. மறைமுகச் செலவு 'பெருக்கினால்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. நிகழ்தகவுகளைப் பெருக்க, நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். 1 முதல் 6 வரை எடுத்தால் 2-க்கும் 3-க்கும் அது அச்சு அசலாகப் பொருந்துகிறது: 36 ஜோடிகளில் 36 − 9 − 4 + 1 = 24, அதாவது 3/4 × 8/9. 1 முதல் 10 வரை எடுத்தால் 100-க்கு 67. சூத்திரம் சொல்வது 66.67. சின்னப் பிசகு. பெரிய பகா எண்களிடம் இந்தப் பிசகு வேறு முகம் காட்டுகிறது. 10 வரையுள்ள எண்களில் எதையும் 11 வகுக்காது, ஆனாலும் நம் பெருக்கல் அதற்காக 1/121 பங்கைக் கழிக்கிறது. எந்த வரம்பை எடுத்தாலும் அதற்கு அப்பால் முடிவில்லாமல் பகா எண்கள் காத்திருக்கின்றன.

இது வெறும் சம்பிரதாயத்துக்கான ஆட்சேபணை என்று நினைக்க வேண்டாம். N வரை எத்தனை பகா எண்கள் என்று கணக்கிட இதே தர்க்கத்தை எடுத்து, √N வரையுள்ள பகா எண்களுக்கு 1/2 × 2/3 × 4/5 × … என்று பெருக்கிப் பாருங்கள். N வளர வளர விடை உண்மையைவிடச் சுமார் 12 விழுக்காடு அதிகமாகப் போய் நிற்கும். அங்கே தவறும் வாதம் இங்கே ஏன் தப்பிக்கிறது? வர்க்கங்களால். 100-க்கு மேற்பட்ட ஏதோ ஒரு பகா எண் இரண்டு எண்களையும் வகுக்கும் ஜோடிகளின் பங்கு, வரம்பு எதுவானாலும், 1/101² + 1/102² + … என்ற கூட்டுத்தொகையைத் தாண்டாது. அது 1/100-ஐவிடச் சிறியது. ஆகவே பெரிய பகா எண்களை மொத்தமாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சமுள்ள சிலவற்றுக்கு மட்டும் சாராமையைச் சரிபார்த்தால் போதும். இந்த ஒரு பத்தியையும் சேர்த்துச் சொன்னால் வழி ஒன்று முழு நிரூபணம். சேர்க்காமல் விட்டால் அது நல்ல ஊகம், அவ்வளவே.

## வழி இரண்டு: மீ.பொ.வ-வைக் கொண்டு இரண்டு வரியில்

தேடும் நிகழ்தகவை p என்போம். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி k ஆக இருக்க இரண்டு வேண்டும். இரண்டும் k-இன் மடங்குகளாக இருக்க வேண்டும், அதற்கு 1/k². k-ஆல் வகுத்தபின் கிடைக்கும் ஈவுகளுக்குப் பொதுக் காரணி இருக்கக் கூடாது. அதற்கு மறுபடியும் அதே p. எனவே மீ.பொ.வ k ஆக இருக்கும் வாய்ப்பு p/k². எந்த ஜோடிக்கும் ஏதோ ஒரு மீ.பொ.வ உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் 1:

p × (1 + 1/4 + 1/9 + 1/16 + …) = 1

முடிந்தது. பகா எண் என்ற சொல்லே வரவில்லை. காகிதத்தின் ஓரத்தில் எழுதிக் காட்ட இதைவிட அழகானது இல்லை.

இதற்கு அடியில் ஓர் உண்மையான எண்ணிக்கை இருக்கிறது. 1 முதல் 10 வரையுள்ள 100 ஜோடிகளை மீ.பொ.வ-படி பிரித்துப் பார்ப்போம். மீ.பொ.வ 1 என்பவை 63. மீ.பொ.வ 2 என்பவை, 1 முதல் 5 வரையுள்ள பொதுக் காரணி இல்லாத ஜோடிகளை இரண்டால் பெருக்கினால் கிடைப்பவை, 19. மீ.பொ.வ 3 என்றால் 1 முதல் 3 வரை, 7. நான்குக்கும் ஐந்துக்கும் 1 முதல் 2 வரை, தலா 3. ஆறு முதல் பத்து வரை தலா ஒன்று, 5. மொத்தம் 63 + 19 + 7 + 3 + 3 + 5 = 100. கணக்கு மிகச் சரியாக மூடுகிறது. இரண்டு வரி வாதம் இந்த அட்டவணையின் நிழல்தான்.

ஆனால் 'p என்போம்' என்று ஆரம்பித்தபோதே ஒரு பெரிய தொகையைக் கடன் வாங்கிவிட்டோம். p என்று ஒன்று இருக்கிறது என்று யார் சொன்னது? 1-இல் தொடங்கும் எண்களின் பங்கைப்போல இதுவும் ஆடிக்கொண்டே இருந்தால்? இந்த வாதம் நிரூபிப்பது 'எல்லை இருந்தால் அது இதுதான்' என்பதை மட்டும். முடிவில்லாத கூட்டலை எல்லைக்குள் கொண்டுபோவது இன்னொரு கடன். அது எளிதில் தீர்ந்துவிடும், ஏனென்றால் மீ.பொ.வ பெரியதாக உள்ள ஜோடிகள் சொற்பம் என்பதை மேலே பார்த்தோம். முதல் கடனைத் தீர்க்கப் போனால் வழி ஒன்றின் முழு நிரூபணத்துக்குள்ளோ வழி மூன்றுக்குள்ளோ நுழைந்தே ஆக வேண்டும்.

கேள்வியை மாற்றும்போது இந்த வழி அபாரமாக வளைந்து கொடுக்கிறது. ஓர் இரட்டை எண், ஓர் ஒற்றை எண் என்று எடுத்தால் பொதுக் காரணி இல்லாத வாய்ப்பு என்ன? மீ.பொ.வ ஒற்றை எண்ணாக மட்டுமே இருக்க முடியும். அதனால் வகுத்தாலும் ஒன்று இரட்டையாகவும் மற்றது ஒற்றையாகவுமே நிற்கும். எனவே p × (1 + 1/9 + 1/25 + …) = 1. விடை 8/π², சுமார் 0.8106. இந்த எண் பின்னால் இரண்டு இடங்களில் திரும்பி வரும்.

## வழி மூன்று: எண்ணி, கூடியதைக் கழித்து, கழித்ததைக் கூட்டி

N வரையுள்ள N² ஜோடிகளில் இரண்டும் இரட்டையானவற்றைக் கழி, இரண்டும் 3-இன் மடங்கானவற்றைக் கழி, 5, 7 என்று போ. 6-இன் மடங்குகளை இரண்டு முறை கழித்துவிட்டோமே, ஒரு முறை திரும்பக் கூட்டு. 4, 9 போன்று ஒரு பகா எண் இரண்டு முறை வரும் எண்களைத் தொடாதே. எந்த எண்ணுக்குக் கூட்டல், எதற்குக் கழித்தல், எதற்குப் பூச்சியம் என்று சொல்லும் விதிக்கு மோபியஸ் சார்பு என்று பெயர். N = 10-க்கு:

100 − 25 − 9 − 4 + 1 − 1 + 1 = 63

வரிசையாக 1, 2, 3, 5, 6, 7, 10 ஆகிய எண்களின் பங்கு இது. 5-இன் மடங்குகள் இரண்டு (5, 10), ஆகவே 4 ஜோடிகள்; 7-க்கு ஒன்றே ஒன்று. மேலே வந்த அதே 63.

இதில் ஊகம் எதுவுமில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை உண்மையான ஜோடிகளைத்தான் எண்ணுகிறோம். d என்ற எண்ணின் மடங்குகளை எண்ண, N-ஐ d-ஆல் வகுத்து முழு எண்ணாக வெட்டும்போது மட்டும் பிசகு வருகிறது. ஒவ்வொரு d-க்கும் அந்தப் பிசகு 2N/d-ஐத் தாண்டாது என்று காட்டிவிடலாம். எல்லாவற்றையும் கூட்டி N²-ஆல் வகுத்தால் மொத்தப் பிசகு ஏறத்தாழ (2 ln N)/N அளவில் அடங்குகிறது. N வளர அது பூச்சியமாகிறது. எல்லை இருக்கிறது என்பதும் அது எவ்வளவு என்பதும் ஒரே மூச்சில் கிடைத்துவிடுகின்றன. இந்த வகைப் பிசகுக் கணக்கை மெர்டென்ஸ் 1874-இல் போட்டிருக்கிறார்.

ஒவ்வொரு ஜோடியாகப் பார்க்காமல் வரம்புக்குள் உண்மை எண்ணிக்கை வேண்டுமென்றால் இந்த வழிதான் கைகொடுக்கும். 100 வரை 6087 ஜோடிகள், 1000 வரை 6,08,383, 10,000 வரை 6,07,94,971. பங்குகளாக 0.6087, 0.60838, 0.60795. எல்லையோ 0.607927. N = 1000-க்கு மேலே சொன்ன வரையறை சுமார் 0.014 வரை பிசகை அனுமதிக்கிறது. உண்மையான பிசகு 0.0005-கூட இல்லை. வரையறை பெருந்தன்மையானது, உண்மை இன்னும் நல்லது.

செலவு என்னவென்றால், பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. கூட்டலும் கழித்தலும் நடந்து முடிந்து கடைசியில் தொடரின் தலைகீழ் வந்து நிற்கும்போது, ஏன் வந்தது என்று கேட்டால் வழி ஒன்றைத்தான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல்முறை கேட்பவரிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

## வழி நான்கு: ஓட்டிப் பார்த்தல்

எல்லா ஜோடிகளையும் எண்ணிவிட நாலு வரி போதும்:

```python
from math import gcd
for N in (10, 100, 1000):
    r = range(1, N + 1)
    print(N, sum(gcd(a, b) == 1 for a in r for b in r))
```

இது 63, 6087, 608383 என்று காட்டும். இது வெறும் எண்ணல், இதில் தற்செயல் இல்லை. பலர் செய்வது வேறு: தற்செயல் எண்களை ஜோடி ஜோடியாக எடுத்து, பொதுக் காரணி இல்லாதவற்றின் பங்கைக் கண்டு, 6-ஐ அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பையைப் பிடிப்பது. 1995-இல் ராபர்ட் மாத்யூஸ் வானத்தின் மிகப் பிரகாசமான 100 விண்மீன்களுக்கு இடையிலுள்ள கோணத் தொலைவுகளை எண்களாக்கி இதே கணக்கைப் போட்டு, பைக்கு 3.12772 என்ற மதிப்பைப் பெற்றார்.

பையைக் கணக்கிடும் முறையாக இது படுமட்டம். 10,000 ஜோடிகள் எடுத்தால் பங்கில் வழக்கமான பிசகு 0.005, பையில் அது 0.0126 ஆகிறது. அதாவது 3.14 என்பதில் கடைசி இலக்கம்கூட உறுதியில்லை. ஓர் இலக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் நூறு மடங்கு ஜோடிகள் வேண்டும்.

இதன் உண்மையான மறைமுகச் செலவு எனக்கு நேரடியாகத் தெரியும். ஒரு முறை, பழைய எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி, இன்னொன்றைக் கூட்டி, இரண்டின் ஓர் அடுக்கால் வகுத்து மீதியை எடுக்கும் எளிய தற்செயல் எண் ஆக்கி ஒன்றை நானே எழுதி ஓட்டினேன். பைக்குப் பதில் 2.72 வந்தது. 'e அல்லவா வந்திருக்கிறது!' என்று அரை மணி நேரம் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

காரணம் அற்பமானது. பெருக்கும் மாறிலியும் கூட்டும் மாறிலியும் ஒற்றையாக இருந்தால், அந்த ஆக்கி இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று மாறி மாறித்தான் எண்களைத் தரும். அடுத்தடுத்த இரண்டை ஜோடியாக எடுத்தால் ஒன்று கட்டாயம் இரட்டை, மற்றது கட்டாயம் ஒற்றை. நான் அளந்தது 6/π² அல்ல, வழி இரண்டில் பார்த்த 8/π². அதிலிருந்து பை என்று கிடைப்பது 2.7207. e-யின் மதிப்பு 2.7183. பத்தாயிரம் ஜோடிகளின் பிசகுக்குள் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. உங்களுக்கும் இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, இரண்டும் இரட்டையாக வந்த ஜோடிகளைத் தனியே எண்ணுங்கள். கால் பங்கு வர வேண்டும். இரண்டும் 3-இன் மடங்காக வந்தவை ஒன்பதில் ஒரு பங்கு வர வேண்டும். வழி ஒன்றின் காரணிகள் இங்கே நோய் கண்டறியும் கருவிகளாகின்றன.

## இனி பை: இரண்டு வாசல்கள்

1 + 1/4 + 1/9 + … எவ்வளவு என்ற கேள்வியை 17-ஆம் நூற்றாண்டில் மெங்கோலி எழுப்பினார். 1735-இல் ஆய்லர் π²/6 என்று விடை சொன்னார். இதற்கும் பல நிரூபணங்கள் உண்டு. தேர்வுக்குரியவை என்று நான் நினைப்பவை இரண்டு.

ஆய்லரின் வழி சைன் சார்பு. அது பூச்சியமாவது 0, ±π, ±2π, … ஆகிய இடங்களில். பல்லுறுப்புக்கோவையை அதன் மூலங்களைக் கொண்டு பெருக்கலாக எழுதுவதுபோல, (sin x)/x என்பதை (1 − x²/π²)(1 − x²/4π²)(1 − x²/9π²) … என்று எழுதினார். விரித்தால் x²-இன் கெழு −(1 + 1/4 + 1/9 + …)/π². சைனின் அடுக்குத் தொடரில் அதே கெழு −1/6. இரண்டும் சமம். இங்கே 6 என்பது 1 × 2 × 3. பை என்பது சைனின் பூச்சியங்களுக்கு இடையிலுள்ள தூரம், அதாவது அரை வட்டம். மூன்றே வரி. ஆனால் மூலங்கள் ஒன்றாக இருந்தால் சார்பும் ஒன்றாக இருக்கும் என்பது பொய்: சைனை e-யின் x அடுக்கால் பெருக்கினாலும் மூலங்கள் மாறுவதில்லை. அந்தப் பெருக்கலை நியாயப்படுத்தத் தனியே உழைக்க வேண்டும்.

மற்றது கலங்கரை விளக்க வழி. யோஹான் வெஸ்ட்லுண்ட் 2010-இல் எழுதியது. வட்டம் எங்கே என்று கேட்பவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் கொடுப்பேன். விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. ஆகவே 1, 1/4, 1/9 எல்லாம் 1, 2, 3 தூரத்திலுள்ள விளக்குகளின் வெளிச்சம்.

சுற்றளவு 2 உள்ள வட்டத்தின் கரையில் நீங்கள் நிற்கிறீர்கள், நேர் எதிர்க் கரையில் ஒரு விளக்கு. அதன் தூரம் விட்டம், 2/π. வெளிச்சம் π²/4. இப்போது நீங்கள் நிற்கும் இடத்திலேயே முதல் வட்டத்தைத் தொடும்படி, இரண்டு மடங்கு பெரிய வட்டம் ஒன்று வரையுங்கள். அதன் மையம் அந்த எதிர்க் கரைப் புள்ளி. விளக்கின் வழியே உங்கள் பார்வைக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் அது பெரிய வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். ஒரு விளக்கை எடுத்துவிட்டு அந்த இரண்டு இடங்களிலும் அதே திறனுள்ள விளக்குகளை வையுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சம் மாறாது. காரணம், நீங்களும் இரண்டு விளக்குகளும் ஒரு செங்கோண முக்கோணம்; செங்கோணம் உங்களிடம். பழைய விளக்கு அதன் உயரத்தின் அடியில் இருக்கிறது. செங்கோணப் பக்கங்கள் a, b, உயரம் h என்றால் 1/a² + 1/b² = 1/h². பிதாகரஸ் தேற்றத்தின் தலைகீழ் வடிவம் இது.

இப்போது சுற்றளவு 4, விளக்குகள் கரையோரமாக இருபுறமும் 1 தூரத்தில். அடுத்த முறை பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு விளக்கின் வழியாகவும் கோடு போடுகிறோம். சுற்றளவு 8, விளக்குகள் இருபுறமும் 1, 3 தூரங்களில். வட்டம் வளர்ந்துகொண்டே போக, கரை நேர்கோடாகிறது. நிற்கும் இடத்திலிருந்து இருபுறமும் 1, 3, 5, 7, … தூரங்களில் விளக்குகள். வெளிச்சம் இன்னும் அதே π²/4. ஒரு புறம் மட்டும் எடுத்தால் 1 + 1/9 + 1/25 + … = π²/8. என்னை ஏமாற்றிய 8/π²-இன் தலைகீழ் இதுவேதான். இரட்டை எண்களின் பங்கு முழுத் தொடரில் கால்வாசி என்பதால், ஒற்றை எண்களின் பங்கு முக்கால்வாசி; முழுத் தொடர் π²/8 × 4/3 = π²/6.

ஆக, பை வந்தது அந்த முதல் வட்டத்தின் விட்டத்திலிருந்து. செலவு: 'கரை நேர்கோடாகிறது' என்ற எல்லைக்கு ஒரு சிறு சமாதானம் தேவை, மேலும் படம் வரையாமல் யாருக்கும் சொல்ல முடியாது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | பகா எண்கள் | மீ.பொ.வ | எண்ணிக் கழித்தல் | ஓட்டிப் பார்த்தல் |
|---|---|---|---|---|
| முன்னறிவு | பகாக் காரணிகள், பெருக்குத் தொடர் | மீ.பொ.வ மட்டும் | கூட்டல் குறிகளில் பழக்கம் | நாலு வரி நிரல் |
| ஓட்டை | பெரிய பகா எண்களிடம் சாராமை | எல்லை உண்டு என்ற கடன் | இல்லை | தற்செயல் எண்களின் தரம் |
| அடைக்கும் செலவு | ஒரு பத்தி | வழி ஒன்று அல்லது மூன்று முழுவதும் | இல்லை | சோதனை எண்ணிக்கைகள் |
| வரம்புக்குள் எண்ணிக்கை | தோராயம் | தராது | துல்லியம் | எண்ணினால் துல்லியம், தற்செயலில் தோராயம் |
| கேள்வி மாறினால் | நன்றாக வரும் | மிக எளிதாக வரும் | வரும், உழைப்பு கூடும் | உடனே வரும் |

## யாருக்கு எது

பள்ளிக் கணக்கு மட்டும் தெரிந்தவருக்குச் சொல்வதானால் மீ.பொ.வ வழி, கூடவே 63 + 19 + 7 + 3 + 3 + 5 என்ற கூட்டல். 'எல்லை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் குற்றம். நீங்களே புரிந்துகொள்ள ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் பகா எண்களின் வழி, பெரிய பகா எண்களை ஓரங்கட்டும் அந்தப் பத்தியோடு. நான் தேர்ந்தெடுப்பதும் அதையே. தேர்வுத் தாளில் எழுத, அல்லது ஒரு வரம்புக்குள் எத்தனை ஜோடிகள் என்று யாராவது காசுக்குக் கேட்டால், மூன்றாவது. ஓட்டிப் பார்ப்பது எந்த வழியோடும் துணைக்கு வரலாம், தனியாக வரக் கூடாது. பைக்கு, படம் வரைய இடம் இருந்தால் விளக்குகள். பலகையில் மூன்று வரிதான் இடம் என்றால் சைன்.

மூன்று எண்களை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. மூன்றையும் சேர்த்து வகுக்கும் பொதுக் காரணி இல்லாத வாய்ப்புக்கு முதல் மூன்று வழிகளும் அப்படியே நடக்கும், 1/k² இருந்த இடத்தில் 1/k³ வரும். விடை 1 + 1/8 + 1/27 + … என்ற தொடரின் தலைகீழ், சுமார் 0.8319. நான்கு எண்களுக்கு 90/π⁴, சுமார் 0.9239, பை திரும்பி வந்துவிடுகிறது. மூன்றுக்கோ, பையின் ஓர் அடுக்கையும் ஒரு பின்னத்தையும் மட்டும் கொண்ட இதுபோன்ற சூத்திரம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தத் தொடரின் மதிப்பு விகிதமுறா எண் என்பதையே 1978-இல்தான் அபேரி நிரூபித்தார். சைனின் பெருக்கலில் x² மட்டுமே வருவதால் இரட்டை அடுக்குகள்தான் அதிலிருந்து கிடைக்கும். விளக்குகளை நகர்த்திய செங்கோண முக்கோணத்துக்கும் கனங்களோடு தொடர்பில்லை. பகா எண்களின் வழி மூன்றாவது எண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது, வட்டம் பின்தங்கி நின்றுவிடுகிறது.